அன்னக்கழுத்துக் குடுவையும் அதன் வளைவில் தங்கிய தூசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகப் பிறக்கும் என்று படித்தவர்களே நம்பினார்களா?

நம்பினார்கள், நூற்றாண்டுகளாக. அந்த நம்பிக்கையைச் சோதிக்கப் பிரெஞ்சு வேதியியலர் லூயி பாஸ்டர் பயன்படுத்திய, கழுத்து அன்னத்தின் கழுத்தைப் போல வளைந்த கண்ணாடிக் குடுவையைப் பற்றியவை இந்தக் கேள்விகள். நம் பழைய நூல்களும் உயிர்களின் தோற்றத்தை நான்காகப் பிரித்தன: முட்டையில் பிறப்பவை, வித்தில் முளைப்பவை, கருப்பையில் பிறப்பவை, வேர்வையில் தோன்றுபவை. பேனும் ஈரும் வேர்வையில் தோன்றுபவை என்ற வகுப்பில் வைக்கப்பட்டன. ஐரோப்பாவிலும் அழுகிய இறைச்சியிலிருந்து புழு உண்டாகிறது என்றே சொல்லிவந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னதுதான் அது. இறைச்சியை வைத்தார்கள், சில நாளில் புழு நெளிந்தது. நடுவில் ஈ வந்து முட்டையிட்டுவிட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

1668-இல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி ஜாடியின் வாயை மெல்லிய துணியால் கட்டிவைத்தார். ஈ உள்ளே போக முடியவில்லை, இறைச்சியில் புழு வரவில்லை. புழுவைப் பற்றிய வழக்கு அத்துடன் ஏறத்தாழ முடிந்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் நுண்ணோக்கி வழியாக இன்னும் சிறிய உயிர்கள் தெரியவந்தன. அவற்றைத் துணி தடுக்காது. அவை முட்டையிடுவதையும் யாரும் பார்த்ததில்லை. வைக்கோலை ஊறவைத்த நீரில் இரண்டு நாளில் கோடிக்கணக்கில் தோன்றும் இந்தச் சின்னஞ்சிறு உயிர்களாவது தாமாகப் பிறக்கின்றனவா என்று அதே கேள்வி மீண்டும் எழுந்தது.

கொதிக்கவைத்து இறுக்கி மூடிவிட்டால் போதுமே. கழுத்தை ஏன் வளைக்க வேண்டும்?

மூடிப் பார்த்தவர்கள் உண்டு. இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி 1760-களில் சாறுகளைக் குடுவைக்குள் ஊற்றி, வாயை நெருப்பில் உருக்கி அடைத்து, முக்கால் மணி நேரத்துக்கும் மேல் கொதிக்கவைத்தார். அவை கெடவில்லை. உயிர் தானாகத் தோன்றும் என்று வாதிட்ட ஆங்கிலப் பாதிரியார் நீதம் அதற்கு ஒரு மறுப்புச் சொன்னார்: அவ்வளவு நேரம் கொதிக்கவைத்ததில் சாற்றின் உயிர்ச்சக்தி அழிந்துவிட்டது, அடைபட்ட காற்றும் கெட்டுவிட்டது, இனி அங்கே எப்படி உயிர் பிறக்கும்?

அந்த மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உணவை ஜாடியில் அடைத்து வேகவைத்துப் பாதுகாக்கும் முறையை அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தபோது, அந்த ஜாடிகளுக்குள் இருந்த காற்றை வேதியியலர் கே-லுசாக் சோதித்தார். அதில் ஆக்சிஜன் இல்லை. மூடிய ஜாடியில் உயிர் பிறக்காததற்கு ஆக்சிஜன் இல்லாததே காரணம் என்று சொல்ல இது இடம் கொடுத்தது.

பிறகு வந்தவர்கள் காற்றை உள்ளே விட்டார்கள், ஆனால் வழியில் அதை ஏதாவது ஒன்றுக்கு உட்படுத்தினார்கள். ஷுல்ட்ஸே கந்தக அமிலத்தின் வழியே காற்றை இழுத்தார். ஷ்வான் 1837-இல் காய்ச்சிய குழாய் வழியே விட்டார். 1854-இல் ஷ்ரோடரும் டுஷ்ஷும் பஞ்சின் வழியே வடிகட்டினார்கள். சாறு பெரும்பாலும் கெடவில்லை. எதிர்த்தரப்பின் பதிலும் மாறவில்லை: அமிலம் காற்றின் குணத்தை மாற்றியது, சூடு அதைச் சிதைத்தது, பஞ்சு அதிலிருந்த ஏதோ நுட்பமான ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டது.

ஆக, தேவைப்பட்டது ஒரு விநோதமான பாத்திரம். வெளிக்காற்று எந்த மாற்றமும் இன்றி, அடைப்பு எதுவும் இல்லாமல், தாராளமாக உள்ளே வந்து போக வேண்டும். ஆனால் காற்றில் மிதந்து வரும் துகள் மட்டும் சாற்றை எட்டக்கூடாது. வளைந்த கழுத்து இதைத்தான் செய்கிறது. அதன் அழகு முழுவதும் இந்த ஒரு மறுப்புக்குச் சரியாகப் பொருந்தி நிற்பதில் இருக்கிறது. இந்தப் பின்னணியைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டும்போது மாணவர்களுக்கு அது ஒரு வேடிக்கையான கண்ணாடிச் சாமானாகவே தெரிகிறது. எனக்கு அதில் நெடுநாள் வருத்தம் உண்டு.

பாஸ்டர் சரியாக என்ன செய்தார்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முதலில் சாறு. ஈஸ்ட்டை நீரில் வேகவைத்து வடிகட்டிய தெளிந்த நீரில் சர்க்கரை கலந்தார். நூறு பங்கு நீருக்குப் பத்துப் பங்கு அளவில் சர்க்கரை, ஈஸ்ட்டிலிருந்து இறங்கிய புரதமும் தாது உப்பும் ஒரு பங்குக்கும் குறைவு. சாதாரண அறையில் திறந்து வைத்தால் ஓரிரு நாளில் கலங்கிவிடும் நீர் இது. சிறுநீர், பீட்ரூட் சாறு, மிளகு ஊறிய நீர் ஆகியவற்றையும் பயன்படுத்தினார்.

சாற்றைக் குடுவையில் ஊற்றிய பிறகுதான் கழுத்தைத் தொட்டார். சுடர் விளக்கில் கழுத்தைக் காட்டி, கண்ணாடி இளகியதும் இழுத்து நீட்டினார். பென்சில் பருமனுக்கும் கீழாக மெலிந்த கழுத்தை அங்கங்கே வளைத்தார். கீழே இறங்கி, மேலே ஏறி, மறுபடி தாழும் வளைவுகள். நுனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் திறந்தே இருந்தது. இந்த வடிவத்துக்கான யோசனையைச் சொன்னவர் அவருடைய ஆசிரியரான வேதியியலர் பலார்.

பிறகு சாற்றைச் சில நிமிடம் கொதிக்கவைத்தார். நுனியிலிருந்து ஆவி நன்றாகச் சீறி வெளியேறும்வரை தீயை நிறுத்தவில்லை. அந்த ஆவி உள்ளே இருந்த காற்றை வெளியே தள்ளுகிறது, கழுத்தின் உட்சுவரையும் வேகவைக்கிறது. தீயை அணைத்ததும் குடுவையை அசையாமல் ஆறவிட்டார். மூடி இல்லை, பஞ்சு இல்லை, அமிலம் இல்லை. பிறகு 25 முதல் 30 டிகிரி வெப்பமுள்ள இடத்தில் வைத்தார்.

பாரிசில் எக்கோல் நார்மல் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த இடம் மிகவும் நெருக்கடியானது. குடுவைகளை வைக்கும் வெப்ப அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது, அதற்குள் முழங்காலிட்டுத்தான் போக வேண்டும். அப்படித் தவழ்ந்து போய் நாள்தோறும் குடுவைகளைப் பார்த்துவந்தார். நாட்கள் மாதங்களாயின. சாறு தெளிவாகவே இருந்தது.

நுனி திறந்தே இருக்கும்போது தூசி எப்படி உள்ளே போகாமல் இருந்தது?

நல்ல கேள்வி. பாஸ்டரும் இதை யோசித்தார், ஏனென்றால் ஆறத் தொடங்கிய முதல் சில நொடிகளில் வெளிக்காற்று வேகமாக உள்ளே பாய்கிறது. அந்த வேகத்தில் தூசியும் கூட வருவது உறுதி. ஆனால் அப்போது சாறு ஏறத்தாழ கொதிநிலையில் இருக்கிறது. வந்து விழும் துகள் வெந்துவிடும்.

சாறு ஆற ஆற உள்ளே வரும் காற்றின் வேகம் குறைகிறது. சாறு உயிர் தாங்கும் அளவுக்கு ஆறிய நேரத்தில் காற்று மிக மெதுவாகத்தான் ஊர்கிறது. மெதுவாக ஊரும் காற்றால் துகளை நெடுந்தூரம் தூக்கிச் செல்ல முடியாது. வளைவில் திரும்பும் இடத்தில் அது சுவரில் படுகிறது. கொதித்தபோது வந்த ஆவி குளிர்ந்து அந்தச் சுவர் ஈரமாக இருப்பதால் துகள் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு பகலில் சூடேறி இரவில் குளிர்வதற்கு ஏற்பக் குடுவை நாள்தோறும் சிறிதளவு காற்றை உள்வாங்கி வெளிவிடுகிறது. அந்த அசைவு இன்னும் மென்மையானது. ஆக்சிஜன் போகிறது, தூசி நிற்கிறது.

மெதுவாக ஆறவிடுவது இந்தச் சோதனையின் உயிர்நாடி. அவசரப்பட்டுக் குடுவையைக் குளிர்ந்த நீரில் வைத்தால் காற்று கடைசிவரை வேகமாகப் பாயும், வளைவு பயன்படாது.

கொதித்ததில் சாற்றின் சத்தே போயிருக்கலாம். அதனால் கெடாமல் இருந்திருக்கலாம் அல்லவா?

இந்தச் சந்தேகத்துக்குப் பதில் அதே குடுவையிலேயே இருந்தது. மாதக்கணக்கில் தெளிவாக நின்ற குடுவையை எடுத்து, கழுத்தை அரத்தால் கீறி உடைத்தார். சாற்றைத் தொடவில்லை. இப்போது தூசி நேராக மேலிருந்து விழலாம். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் பூஞ்சணமும் நுண்ணுயிரிகளும் தோன்றின. அதே சாறு, அதே கொதிப்பு. சத்து போயிருந்தால் இப்போதும் எதுவும் வளர்ந்திருக்கக்கூடாது.

இன்னொன்றும் செய்யலாம். கழுத்தை உடைக்காமல் குடுவையைச் சாய்த்து, சாற்றை வளைவுவரை ஓடவிட்டு மறுபடி உள்ளே திருப்புவது. அங்கே மாதக்கணக்கில் ஒட்டிக்கிடந்த தூசியைச் சாறு கழுவிக்கொண்டு திரும்பும். அந்தச் சாறும் கெடும்.

இந்த இரண்டாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கழுத்தை உடைத்தால், புதுக்காற்று ஏராளமாக வந்ததால் கெட்டது என்று யாராவது சொல்லலாம். சாய்ப்பதில் புதிதாக எதுவும் வரவில்லை. காற்று பழையது, சாறு பழையது, குடுவையும் அதுவே. ஒரு சாண் தூரத்தில் வளைவில் கிடந்தது இடம் மாறியது, அவ்வளவுதான். காரணம் எங்கே ஒளிந்திருந்தது என்று இதைவிடத் துல்லியமாகச் சுட்டிக்காட்ட முடியாது.

தூசிக்குள் உயிர் இருப்பதை நேராகப் பார்த்தாரா, அல்லது ஊகமா?

பார்த்தார். வெடிபஞ்சு என்று ஒரு பொருள் உண்டு, நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சு. ஆல்கஹாலும் ஈதரும் கலந்த நீர்மத்தில் அது சர்க்கரை போலக் கரைந்துவிடும். அதை ஒரு குழாயில் அடைத்து, அதன் வழியே பாரிஸ் காற்றை நெடுநேரம் இழுத்தார். பஞ்சு அழுக்கேறியது. பிறகு பஞ்சைக் கரைத்தார். பஞ்சு போய்விட்டது, அது பிடித்துவைத்த தூசி அடியில் படிந்தது. அதை நுண்ணோக்கியில் வைத்தபோது மாவுத் துகள், நூலிழை, கரித்துகள் ஆகியவற்றுக்கு நடுவே பூஞ்சண வித்துகளைப் போலவே உருண்டையும் நீள்வட்டமுமான துகள்கள் தெரிந்தன.

உருவம் ஒத்திருந்தால் மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரியும். எனவே தூசி பிடித்த பஞ்சுத் துணுக்கைக் கொதித்த சாறும் காய்ச்சிய காற்றும் மட்டுமே இருந்த குடுவைக்குள் நழுவவிட்டார். சாறு கெட்டது. பஞ்சு தாவரப் பொருள், அதிலிருந்தே உயிர் பிறந்தது என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காகக் கல்நாரைக் கொண்டும் அதையே செய்தார். கல்நார் தாது, அதில் உயிர்ப்பொருள் எதுவும் இல்லை. தூசி பிடித்த கல்நார் போட்ட குடுவை கெட்டது, காய்ச்சிய கல்நார் போட்டது கெடவில்லை.

மலையேறிக் குடுவைகளைத் திறந்தாராமே, அவை அன்னக்கழுத்துக் குடுவைகளா?

இல்லை. பல புத்தகங்கள் இரண்டையும் குழப்புகின்றன. மலைக்குப் போனவை கால் லிட்டர் அளவிலான சாதாரணக் குடுவைகள். கழுத்தை நீட்டி, சாற்றைக் கொதிக்கவைத்து, ஆவி சீறிக்கொண்டிருக்கும்போதே நுனியை உருக்கி அடைத்தவை. உள்ளே காற்று இல்லை. போன இடத்தில் நுனியை முறித்தால் அவ்விடத்துக் காற்று சட்டென்று உள்ளே பாயும். உடனே விளக்குச் சுடரில் நுனியை மறுபடி உருக்கி மூடிவிட வேண்டும். ஒவ்வொரு குடுவையும் ஓரிடத்துக் காற்றின் ஒரு மாதிரி.

1860-இல் ஜூரா மலையடிவார வயல்வெளியில் இருபது குடுவைகளைத் திறந்தார், எட்டு கெட்டன. அதே மலையில் 850 மீட்டர் உயரத்தில் இருபது, ஐந்து கெட்டன. ஆல்ப்ஸில் மோன்தான்வேர் அருகே, ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில், பனியாற்றின் மேல் இருபது. ஒன்றே ஒன்று கெட்டது. பாரிஸ் வானாய்வகத்தின் ஆழ்ந்த நிலவறையில் காற்று அசைவதே இல்லை. அங்கே திறந்த பத்தில் ஒன்று மட்டும் கெட்டது, அதே கட்டடத்தின் முற்றத்தில் திறந்த பதினொன்றும் கெட்டன.

காற்றே உயிரைப் பிறப்பிக்கிறது என்றால் எல்லா இடத்திலும் எல்லாக் குடுவையும் கெட வேண்டும். சில கெட்டு, சில கெடாமல் நிற்பதிலிருந்து ஒன்று தெரிகிறது: காரணம் காற்றில் ஒரே சீராகக் கலந்திருக்கவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிறது. வித்துகள் அப்படித்தான் சிதறிக் கிடக்கும்.

பனியாற்றில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் முறை போனபோது வெயிலில் பனி கண்ணைக் கூசவைத்தது, விளக்கின் சுடர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. காற்றில் அது ஆடியது வேறு. திறந்த குடுவைகளை மூட முடியாமல் மோன்தான்வேரில் இருந்த சிறிய விடுதிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். இரவு முழுக்க அவை அந்த அறையில் திறந்தே கிடந்தன. மறுநாள் மூடினார். அவற்றில் பெரும்பாலானவை கெட்டன. விளக்கைச் சரிசெய்துகொண்டு மீண்டும் ஏறியபோதுதான் இருபதில் ஒன்று என்ற கணக்கு கிடைத்தது. ஒரே மலை, ஒரே உயரம். பனிவெளிக் காற்றுக்கும் மனிதர் தங்கும் அறைத் தூசிக்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் தவறே சொல்லிவிட்டது. அதை மறைக்காமல் தம் கட்டுரையில் எழுதினார் என்பதில் எனக்கு அவர்மீது பெரிய மதிப்பு.

எதிர்த்தரப்பில் இருந்த பூஷே பொய் சொன்னாரா? அவர் குடுவைகளில் உயிர் தோன்றியதே.

அவர் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னார். ருவான் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர் அவர், கைதேர்ந்த ஆய்வாளர். 1858-இல் அவர் வெளியிட்ட சோதனைதான் இந்த விவாதத்தையே மீண்டும் கிளப்பியது. பிரெஞ்சு அறிவியல் அகாதெமி இதைத் தெளிவுபடுத்துவோருக்கு 2500 ஃபிராங்க் பரிசு அறிவித்தது. 1862-இல் அது பாஸ்டருக்குப் போனது.

பூஷேயின் முதல் சோதனையில் கொதிநீர் நிரம்பிய குடுவையைப் பாதரசத் தொட்டியில் கவிழ்த்து, வேதிமுறையில் தயாரித்த ஆக்சிஜனையும் சூடுபடுத்திய வைக்கோலையும் உள்ளே செலுத்தினார். வெளிக்காற்று படவே இல்லை, ஆனாலும் எட்டு நாளில் பூஞ்சணம் வந்தது. பாஸ்டர் பாதரசத்தின் மேற்பரப்பைச் சந்தேகித்தார். ஆய்வகத் தொட்டியில் பாதரசம் எத்தனையோ நாளாகத் திறந்து கிடக்கிறது, அதன்மேல் தூசி படிந்திருக்கிறது. குடுவையை உள்ளே அமிழ்த்தும்போது அந்தத் தூசியும் கூடவே இழுபடும். அந்தப் பாதரசத்தில் ஒரு சொட்டை எடுத்துக் கெடாத சாற்றில் விட்டார், சாறு கெட்டது.

ஆனால் இரண்டாவது சுற்றில் பூஷேயின் கை ஓங்கியிருந்தது என்பதே உண்மை. 1863-இல் அவரும் ஜோலி, முசே என்ற இருவரும் பிரனீஸ் மலையில் மலதெத்தா பனியாற்றுக்கு ஏறினார்கள். பாஸ்டர் போனதைவிட உயரம். குடுவைகளைத் திறந்து மூடினார்கள், அவை எல்லாமே கெட்டன. ஒரே ஒரு வேறுபாடு: பாஸ்டர் கொண்டுபோனது ஈஸ்ட் நீர், அவர்கள் கொண்டுபோனது வைக்கோல் நீர்.

விடை அந்த வைக்கோலில் இருந்தது. வைக்கோலில் வாழும் ஒரு பாக்டீரியா, நிலைமை மோசமானால் தடித்த உறைக்குள் வித்தாகத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். அந்த வித்து 100 டிகிரிக் கொதிப்பைத் தாங்கும். சாறு கொதித்தபோதே அது சாகாமல் உள்ளே கிடந்தது, காற்று வந்ததும் முளைத்தது. மலைக்காற்றில் வித்து இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இதை ஜெர்மன் தாவரவியலர் ஃபெர்டினாண்ட் கோன் 1876-இல் தெளிவாக்கினார், பூஷே காலமாகி நான்கு ஆண்டுகள் ஆன பிறகு. 1864-இல் அகாதெமி அமைத்த குழுவின் முன் இருதரப்பும் சோதனை காட்ட வேண்டியிருந்தது. நிபந்தனைகளில் உடன்பாடு இல்லாமல் பூஷே தரப்பு விலகியது. தம் வைக்கோல் நீரை அங்கே அவர்கள் காட்டியிருந்தால் பாஸ்டரிடம் அன்று அதற்கு நேரான பதில் இருந்திருக்காது. பாஸ்டர் சொன்னது சரிதான். ஆனால் அது சரி என்பதற்கான முழுக் காரணம் அவர் கையில் அன்று இல்லை.

பாலை வைத்துச் செய்தால் கெட்டுவிடுகிறது என்கிறார்களே?

பாஸ்டருக்கும் கெட்டது. கொதிக்கவைத்த பாலை அதே வகையில் வைத்தபோது சில நாளில் திரிந்தது, அதில் நுண்ணுயிரிகளும் இருந்தன. அவர் அழுத்தத்தைக் கூட்டி 110 டிகிரி வரை சூடேற்றிப் பார்த்தார். அப்போது கெடவில்லை. பால் அமிலத்தன்மை இல்லாதது, அத்தகைய நீர்மத்தில் வித்துகள் அதிக வெப்பத்தைத் தாங்குகின்றன என்று விளக்கினார்.

1870-களில் பாஸ்டியன் என்ற ஆங்கில மருத்துவர் சிறுநீரின் அமிலத்தைப் பொட்டாஷால் நடுநிலையாக்கி, கொதிக்கவைத்து, வெதுவெதுப்பில் வைத்து, அதில் நுண்ணுயிரி தோன்றுவதைக் காட்டினார். அமிலச் சாற்றில் முளைக்காமல் அடங்கிக் கிடந்த வித்துகள் நடுநிலையானதும் முளைத்தன. இந்தச் சண்டையால் ஒரு நன்மை விளைந்தது. கொதிப்பு மட்டும் போதாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பாஸ்டரின் உதவியாளர் ஷாம்பர்லான் அழுத்த ஆவிக் கலனை உருவாக்கினார். இன்று மருத்துவமனைகளில் கருவிகளைத் தூய்மைப்படுத்தும் ஆட்டோகிளேவ் அதன் வழிவந்ததுதான். இயற்பியலர் டிண்டால் இன்னொரு வழி சொன்னார்: இன்று கொதிக்கவைத்து, ஒரு நாள் விட்டு, முளைத்ததை மறுநாள் கொதிக்கவைத்துக் கொல்வது, இப்படி மூன்று நாள்.

பள்ளி ஆய்வகத்தில் செய்து பார்த்தோம், வளைந்த கழுத்துக் குடுவையும் கெட்டுவிட்டது. எங்கே தவறு?

பெரும்பாலும் சாற்றில். நானும் முதலில் கொண்டைக்கடலை ஊறிய நீரைத்தான் எடுத்தேன். கால் மணி நேரம் கொதிக்கவைத்தேன். இரண்டாம் நாள் மாலை குடுவையைச் சன்னலருகே தூக்கிப் பார்த்தபோது நீர் தெளிவாக இருப்பதுபோலத்தான் இருந்தது. மெல்லச் சுழற்றியதும் அடியிலிருந்து பட்டு நூல் போன்ற ஒரு கலங்கல் சுருண்டு எழுந்தது. மறுநாள் மேலே சுருக்கம் விழுந்த வெண்ணிற ஆடை. பயறு மண்ணில் விளைவது, மண்ணின் வெப்பந்தாங்கும் வித்துகள் அதன் தோலில் ஒட்டியிருக்கும். பூஷேயின் வைக்கோல் கதையை நானே என் மேசையில் நடத்தியிருந்தேன்.

பிறகு சாற்றை மாற்றாமல் முறையை மட்டும் மாற்றினேன். குடுவை, வளைந்த குழாய், ரப்பர் அடைப்பு எல்லாவற்றையும் பிரஷர் குக்கரில் வைத்து, விசில் வரத் தொடங்கிய பிறகு தீயைக் குறைத்து அரை மணி நேரம் விட்டேன். குக்கரின் உள்ளே 120 டிகிரியை நெருங்கும் வெப்பத்தை அந்த வித்துகள் தாங்குவதில்லை. குக்கரைத் தானாக ஆறவிட வேண்டும், ஆவியைத் திடீரென்று வெளியேற்றினால் சாறு பொங்கிக் குழாய்க்குள் ஏறிவிடும்.

சாறு காரணம் இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது அடைப்பு. கண்ணாடிக் குழாயும் ரப்பரும் சேரும் இடத்தில் இடுக்கு இருந்தால் காற்று வளைவைச் சுற்றிப் போகாமல் குறுக்கே நுழையும். பாஸ்டரின் குடுவையில் கழுத்து ஒரே கண்ணாடி என்பதால் இந்தத் தொல்லை அவருக்கு இல்லை. மெழுகு உருக்கிப் பூசினால் தீரும். மூன்றாவது, குடுவையை எடுத்து எடுத்துப் பார்ப்பது. வகுப்பில் கைமாறிப் போகும் குடுவை சாயாமல் இருக்காது, சாய்ந்தால் வளைவின் தூசி உள்ளே கழுவப்படும்.

எது தவறு என்பதைக் கெட்ட விதமே ஓரளவு காட்டும். ஒப்பிடுவதற்காக உடன் வைத்த நேர்க்கழுத்துக் குடுவையும் வளைந்ததும் ஒரே நாளில் ஒரே மாதிரி கலங்கினால் கொதிப்பு போதவில்லை என்று பொருள். வளைந்தது பல நாள் கழித்து, மேலே ஓரிடத்தில் பஞ்சுத் திட்டாகப் பூஞ்சணம் கண்டால் வெளியிலிருந்து ஒரு வித்து நுழைந்திருக்கிறது. கலங்கலை எப்போதும் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, தூய நீருள்ள குடுவையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சோதனை முடிந்ததும் குடுவைகளைத் திறக்காமல் மறுபடி குக்கரில் வைத்துக் கொன்ற பிறகே கொட்ட வேண்டும். எது வளர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்றால் முதல் உயிர் எப்படி வந்தது? பாஸ்டர் அதையும் மறுத்துவிட்டாரா?

அந்தக் கேள்வியை இந்தக் குடுவை தொடவே இல்லை. கொதித்த சாறு, இன்றைய காற்று, சில மாதங்கள் என்ற எல்லைக்குள், சாற்றில் காணும் நுண்ணுயிரிகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்குத்தான் இது விடை. உயிரே இல்லாத, காற்றில் ஆக்சிஜனும் இல்லாத பழைய பூமியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது வேறு வழக்கு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒன்று ஒருபோதும் நடக்காது என்பதை எந்தச் சோதனையாலும் முற்றாகக் காட்டிவிட முடியாது. பாஸ்டர் காட்டியது, தானாகத் தோன்றியதாகச் சொல்லப்பட்ட ஒவ்வொரு நிகழ்விலும் வித்து நுழைந்த வழியைத் தேடினால் கிடைக்கிறது என்பதை: பாதரசம், அறைத் தூசி, வளைவின் ஈரம். கிடைக்காத இடங்களில், வைக்கோலிலும் நடுநிலையான சிறுநீரிலும், பின்னால் வந்தவர்கள் தேடினார்கள், அங்கும் கிடைத்தது.

அந்தக் குடுவைகள் இப்போதும் இருக்கின்றனவா?

இருக்கின்றன. பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக வைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய கண்ணாடிக் குடுவைகள் அந்த அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளன. படங்களில் பார்க்கும்போது கழுத்தின் மெல்லிய தாழ்ந்த வளைவைக் கவனியுங்கள். தூசி தங்கியது அங்கேதான்.